வாடகை, பள்ளிக் கட்டணம், பிரீமியம்: கெடு தவறாமல் தானாகப் போக ஏற்பாடு செய்வது எப்படி

திருச்சியில் இருக்கும் என் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தாள். "அண்ணா, எஸ்.ஐ போட்டுட்டா எல்லாம் தானா போயிடும்னு சொன்னியே. பாரு, பிரீமியம் பவுன்ஸ் ஆகி 590 ரூபாய் பிடிச்சுட்டாங்க."

கணக்கைப் பார்த்தால் பணம் இருந்தது. ஆனால் அது பிரீமியம் திரும்பிய நாள் மதியம்தான் வந்திருந்தது. சம்பளம் 1-ஆம் தேதி மதியம் விழுந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் கோரிக்கை அதே 1-ஆம் தேதி காலையிலேயே வந்து, பணம் இல்லை என்று திரும்பிப் போயிருந்தது. சில மணி நேர இடைவெளிக்கு 500 ரூபாய் அபராதம், அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. இன்னொரு விஷயமும் இருந்தது. அவள் போட்டிருந்தது எஸ்.ஐ எனப்படும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனே இல்லை, மேண்டேட். இருபது வருடம் வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தானாகப் பணம் போகிற ஏற்பாட்டில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாம் அனுப்புவதும் அவர்கள் எடுப்பதும்

ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பது நீங்கள் உங்கள் வங்கிக்குக் கொடுக்கும் கட்டளை. "ஒவ்வொரு மாதமும் 4-ஆம் தேதி இந்தக் கணக்கிலிருந்து 14,000 ரூபாயை அந்தக் கணக்குக்கு அனுப்பு" என்று ஒருமுறை சொல்லி வைக்கிறீர்கள். தொகையும் தேதியும் உங்கள் கையில். பணம் வாங்குபவருக்கு இதில் வேலையே இல்லை. கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி-யும் கொடுத்தால் போதும்.

மேண்டேட் என்பது இதற்கு நேர்மாறு. "என் கணக்கிலிருந்து நீயே எடுத்துக்கொள்" என்று வாங்குபவருக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி அது. வங்கிக் கணக்கின் மீது வாங்கும் இந்த அனுமதி தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் நாச் என்ற அமைப்பின் வழியாக வருகிறது. பழைய ஆட்கள் இன்னும் இ.சி.எஸ் என்றே சொல்வார்கள்; அந்த இடத்தைத்தான் நாச் பிடித்திருக்கிறது. யு.பி.ஐ ஆட்டோபேயும் அட்டையின் மீது பதிவாகும் இ-மேண்டேட்டும் இதே குடும்பம். இவற்றில் எந்த நாள், எவ்வளவு என்பதை அவர்கள் அனுப்பும் கோரிக்கை தீர்மானிக்கிறது. நீங்கள் வைத்திருப்பது உச்சவரம்பு மட்டுமே.

இதைப் பிடித்துக்கொண்டால் எதற்கு எது என்பது தானாகத் தெரிந்துவிடும். வாடகை மாதாமாதம் ஒரே தொகை, வாங்குபவர் ஒரு தனிமனிதர். ஆகவே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். பிரீமியம் போவது நிறுவனத்துக்கு. பாலிசி எண்ணோடு சேர்ந்து போனால்தான் வரவு விழும். ஆகவே மேண்டேட். பள்ளிக் கட்டணம் இரண்டிலும் சரியாகப் பொருந்தாது. வருடா வருடம் தொகை மாறும், சுற்றறிக்கை வந்த பிறகே தெரியும். அதற்குச் செலுத்துவதைத் தானியக்கம் ஆக்க வேண்டாம், சேர்ப்பதை ஆக்குங்கள். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

சம்பளம் வரும் கடைசித் தேதி எது?

நெட் பேங்கிங்கைத் திறப்பதற்கு முன்னால் கடந்த 12 மாதப் பாஸ்புக்கையோ ஸ்டேட்மென்ட்டையோ எடுத்து, ஒவ்வொரு மாதமும் சம்பளம் எந்தத் தேதியில் விழுந்தது என்று எழுதுங்கள். வழக்கமாக வரும் தேதி நமக்கு வேண்டாம். அந்த 12-இல் மிகத் தாமதமான தேதிதான் வேண்டும். தங்கை வீட்டில் பத்து மாதம் 1-ஆம் தேதிக்குள் வந்திருந்தது. 1-ஆம் தேதி சனிக்கிழமையாக வந்த இரண்டு மாதங்களில் மட்டும் திங்கட்கிழமை, அதாவது 3-ஆம் தேதி. ஆக அவர்களுக்கு எல்லாத் தானியங்கிச் செலவும் 4-ஆம் தேதிக்கு முன்னால் வரவே கூடாது. 4-க்கும் அந்தந்தக் கெடுவுக்கும் நடுவில்தான் தேதிகளை உட்கார வைக்க வேண்டும்.

கெடு அதைவிட முன்னால் இருந்தால் கெடுவைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும். வாடகையில் இது சுலபம். தங்கையின் கணவரே வீட்டு உரிமையாளரிடம் நேரே போய்ச் சொன்னார்: "சார், சம்பளம் சில மாசம் 3-ஆம் தேதிதான் வருது. 7-ஆம் தேதிக்குள்ள மாசாமாசம் தானா உங்க கணக்குல விழுற மாதிரி பண்ணிடறேன், நீங்க கேக்கவே வேண்டாம்." அதுவரை 5-ஆம் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் உடனே சரி என்றார். கேட்காமலேயே வரும் பணத்துக்காக இரண்டு நாள் பொறுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாடகை

முதலில் உரிமையாளரின் கணக்கைப் பயனாளியாகச் சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்த்த பயனாளிக்கு முதல் ஒரு நாளோ சில நாட்களோ பல வங்கிகள் தொகை வரம்பு வைத்திருக்கின்றன. அதனால் வாடகை நாளன்று சேர்க்காமல் ஒரு வாரம் முன்னதாகவே சேர்த்துவிடுங்கள். கணக்கு எண்ணைத் தட்டியதும் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ் இரண்டுக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. அந்தப் பெயரைப் பாருங்கள். பிறகு ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அவரிடமே கேளுங்கள். ஒரு இலக்கம் தவறினால் பணம் வேறு யார் கணக்கிலோ போய் விழும். திரும்ப வாங்குவது பெரிய அலைச்சல்.

உரிமையாளர் பழைய பாஸ்புக்கைப் பார்த்து ஐ.எஃப்.எஸ்.சி சொன்னால் கொஞ்சம் கவனம். வங்கிகள் இணைந்தபோது இந்தக் குறியீடுகள் மாறின. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி அதே வருடம் நவம்பரில் டி.பி.எஸ் வங்கியோடு சேர்ந்தது. பழைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும் குறியீடு இப்போது செல்லாததாக இருக்கலாம்.

அடுத்து, நெட் பேங்கிங்கில் பணம் அனுப்பும் பகுதிக்குள் `Standing Instructions` அல்லது `Scheduled Transfer` என்று இருக்கும். வங்கிக்கு வங்கி இடம் மாறும். கண்ணில் படவில்லை என்றால் கிளையில் ஒரு படிவம் கொடுத்தும் செய்யலாம். அதில் தொகை, தொடங்கும் தேதி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, முடியும் தேதி, குறிப்பு என்று ஐந்து விவரம் கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் நிரப்புவது முடியும் தேதியைத்தான். தவணை எண்ணிக்கை 12 என்று ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். பதின்மூன்றாவது மாதம் சத்தமில்லாமல் வாடகை நின்றுபோகும். தோல்வி என்று எந்தச் செய்தியும் வராது, ஏனென்றால் வங்கியைப் பொறுத்தவரை எதுவும் தோற்கவில்லை, கட்டளை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு என் யோசனை கொஞ்சம் முரணாகத் தோன்றலாம். கட்டளையை ஐந்து வருடத்துக்கு நீட்டிப் போடாதீர்கள். வாடகை ஒப்பந்தம் முடியும் மாதத்தோடு அதையும் முடித்துவிடுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான், புதுப்பிக்கும்போது வாடகை ஏறும். பல வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையில் தொகையை மட்டும் திருத்த முடியாது. பழையதை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். கட்டளையும் ஒப்பந்தமும் ஒன்றாக முடிந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அதே வாரத்தில் புதுக் கட்டளையும் போட்டுவிடலாம். பழையதை ரத்து செய்ய மறந்து ஒரு மாதம் இரண்டு வாடகை போன கதைகளை கவுன்டரில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

தேதியைப் பொறுத்தவரை தங்கைக்கு 4-ஆம் தேதி வைத்தோம். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் எல்லா நாளும், எல்லா நேரமும் ஓடுகிறது. ஆனாலும் ஞாயிறு, விடுமுறை நாட்களில் வரும் கட்டளையை அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும் வங்கிகள் இருக்கின்றன. தள்ளினாலும் 7-ஆம் தேதிக்குள் போய்விடும். மின்கட்டணம், தண்ணீர் என்று மாறும் தொகைகளை இதில் சேர்க்காதீர்கள். பராமரிப்புக் கட்டணம் மாறாத தொகையாக இருந்து, அதையும் உரிமையாளரே வாங்கினால் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் வருமான வரிச் சட்டப்படி வாடகையில் 2% பிடித்துச் செலுத்தும் கடமை குடியிருப்பவருக்கு உண்டு. அந்தப் பிடித்தம் எந்த மாத வாடகையில் வருகிறதோ அந்த மாதம் கட்டளையின் தொகை பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள்.

பிரீமியம்

இங்கே வேலை காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் தொடங்குகிறது. பாலிசி எண்ணோடு உள்ளே போய், தானியங்கிப் பற்று என்ற பகுதியில் வங்கியைத் தேர்ந்தெடுத்தால் நெட் பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் என்று ஏதாவது ஒரு வழியில் நீங்கள்தான் கணக்குக்காரர் என்று உறுதி செய்யச் சொல்லும். காகிதப் படிவத்திலும் செய்யலாம். ஆனால் கையெழுத்து வங்கியில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று அவை அடிக்கடி திரும்பி வரும். இருபது வயதில் கணக்குத் தொடங்கியபோது போட்ட கையெழுத்தை நாற்பது வயதில் யார்தான் அப்படியே போடுகிறார்கள்?

உறுதி செய்யும் திரையில் தொகையைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். பிரீமியம் 24,000 என்றால் அங்கே 36,000 என்று இருக்கும். அது எடுக்கப்போகும் தொகை அல்ல, உச்சவரம்பு. அதைச் சரியாகப் பிரீமியத்துக்குச் சமமாக வைத்தால்தான் ஆபத்து. மருத்துவக் காப்பீட்டில் வயதுப் பிரிவு மாறும் வருடம் பிரீமியம் ஏறும். வரம்பு 24,000-இல் நின்றால் 27,000 ரூபாய்க்கான கோரிக்கை செல்லாது, பாலிசி புதுப்பிக்கப்படாமல் போகும். ஆயுள் காப்பீட்டில் பிரீமியம் பெரும்பாலும் மாறாது; அங்கே சிறிய இடைவெளி போதும்.

எந்த வகை மேண்டேட் என்பதும் முக்கியம். டெபிட் கார்டையோ கிரெடிட் கார்டையோ வைத்துப் பணம் எடுக்கும் ஏற்பாடு கார்டோடு கட்டுண்டது. கார்டு காலாவதியாகிப் புதியது வந்தால், அல்லது தொலைந்து மாற்றினால், அந்த ஏற்பாடு அறுந்துபோகலாம். இருபது வருடம் கட்ட வேண்டிய பாலிசியை ஐந்து வருடம் வாழும் கார்டில் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வங்கிக் கணக்கின் மீது நேரடியாக நாச் பதிவு செய்வதே உறுதி. யு.பி.ஐ ஆட்டோபேயும் கார்டு ஏற்பாடும் பொதுவாக 15,000 ரூபாய் வரை மறுபடி உறுதி கேட்காமல் எடுக்கும். காப்பீட்டுப் பிரீமியத்துக்கு அந்த வரம்பை ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் 1 லட்சமாக உயர்த்தியது. இவற்றில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி வந்த அன்றே இருப்பைப் பார்த்துவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் எல்லாம் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். வங்கி ஏற்றுக்கொண்ட பிறகு மேண்டேட்டுக்கென்று ஒரு தனி எண் கிடைக்கும். அதை `UMRN` என்பார்கள். நெட் பேங்கிங்கின் மேண்டேட் பகுதியில் அந்த எண்ணோடு `Active` என்று காட்டும்வரை பிரீமியத்தைக் கையால்தான் கட்ட வேண்டும். முதல் தடவை பணம் எடுக்கப்பட்ட பிறகும் வங்கிச் செய்தியோடு நிற்காமல் காப்பீட்டுத் தளத்தில் அடுத்த பிரீமியம் எந்தத் தேதிக்கு என்று பாருங்கள். அந்தத் தேதி ஒரு தவணை முன்னால் நகர்ந்திருந்தால்தான் பணம் பாலிசியில் சேர்ந்தது.

தங்கையின் மேண்டேட் தேதி 1-இல் இருந்ததை 10-க்கு மாற்றினோம். நிறுவனங்கள் சில குறிப்பிட்ட தேதிகளிலிருந்துதான் தேர்ந்தெடுக்க விடும். சம்பளத்தின் தாமதத் தேதிக்குக் குறைந்தது மூன்று நாள் பின்னால் வருவதை எடுங்கள். நாச் கோரிக்கைகள் பெரும்பாலும் காலையிலேயே வரும். அதனால் சம்பளமும் மேண்டேட்டும் ஒரே தேதியில் இருந்தால் சம்பளம்தான் தோற்கும்.

வாகனக் காப்பீட்டை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. வருடா வருடம் வண்டியின் மதிப்பும் பிரீமியமும் மாறும், ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதே லாபம். காலாவதிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு அலாரம் போதும்.

பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு தனிக் கணக்கு

பள்ளிகள் கட்டணம் வாங்கும் முறை பலவிதம். சிலவற்றுக்குத் தனித் தளம் இருக்கிறது. சில பள்ளிகள் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு எண் கொடுக்கின்றன. அதில் போட்டால் எந்தப் பிள்ளைக்கு என்று தானே தெரிந்துவிடும். இன்னும் சில, வங்கிச் செயலியில் பாரத் கனெக்ட் பகுதியில் கல்விக் கட்டணத்தின் கீழ் இருக்கும். சேர்க்கை எண்ணைப் போட்டால் பாக்கி வந்து நிற்கும். பள்ளியின் பொதுக் கணக்குக்கு நேரடியாக ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பணம் போய்விடும், ஆனால் யாருடைய பணம் என்று அலுவலகத்துக்குத் தெரியாது. பிள்ளை கையில் பாக்கிச் சீட்டு வரும், நீங்கள் ரசீதோடு ஓட வேண்டியிருக்கும்.

ஆகவே கட்டுவது உங்கள் கையால் நடக்கட்டும். அந்த நாளில் பணம் தயாராக இருப்பதைத் தானியங்கியாக்குங்கள். சம்பளக் கணக்கு இருக்கும் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதற்கு மாதம் ஒரு தொகை போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போடுங்கள். ஒரே வங்கிக்குள் என்பதால் உடனே போய்ச் சேரும். பிரீமிய மேண்டேட்டையும் இந்த இரண்டாவது கணக்கின் மீதே பதிவு செய்யுங்கள். அந்தக் கணக்குக்கு யு.பி.ஐ இணைக்காதீர்கள். காய்கறிக்கடையில் ஸ்கேன் செய்யும் கை அங்கே எட்டக் கூடாது.

தங்கை வீட்டுக் கணக்கை அப்படியே தருகிறேன். பள்ளிக்கு ஜூனில் புத்தகம், சீருடையோடு 24,000, அக்டோபரில் 18,000, ஜனவரியில் 18,000, எல்லாம் அந்தந்த மாதம் 10-ஆம் தேதிக்குள். வருடத்துக்கு 60,000, மாதத்துக்கு 5,000. மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒருமுறை ஆகஸ்ட் 20-இல் 24,000, மாதத்துக்கு 2,000. ஆயுள் காப்பீடு மாதம் 2,480. 2,500 என்று வைத்துக்கொண்டோம். ஆக மாதம் 4-ஆம் தேதி 9,500 ரூபாய் சம்பளக் கணக்கிலிருந்து இரண்டாவது கணக்குக்குப் போகும்.

இதை பிப்ரவரியில் தொடங்கினோம். அது தற்செயல் அல்ல. ஜனவரித் தவணை கட்டி முடித்த கையோடு தொடங்கினால் ஜூன் வரை ஐந்து தவணை சேரும். பள்ளிப் பணத்தை மட்டும் பாருங்கள்: பிப்ரவரி முதல் ஜூன் வரை 25,000, அதில் 24,000 கட்டினால் மீதி 1,000. ஜூலை முதல் அக்டோபர் வரை 20,000 சேர்ந்து 21,000, கட்டியது 18,000, மீதி 3,000. நவம்பர் முதல் ஜனவரி வரை 15,000 சேர்ந்து 18,000, கட்டியதும் மீதி பூஜ்யம். மறுபடி பிப்ரவரியில் சக்கரம் தொடங்கும். நீங்கள் ஏப்ரலில் தொடங்கினால் ஜூனுக்கு 15,000-தான் சேர்ந்திருக்கும். 9,000 ரூபாய் வெளியிலிருந்து போட வேண்டும். அதைத் தொடங்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மருத்துவக் காப்பீட்டில்தான் ஒரு பொறி இருக்கிறது. பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை ஏழு மாதத்தில் 14,000-தான் சேரும், வேண்டியது 24,000. ஆனால் ஆகஸ்ட் 20-இல் இரண்டாவது கணக்கைத் திறந்தால் தாராளமாகப் பணம் தெரியும். பள்ளிக்காகச் சேர்ந்த 11,000-மும் அங்கேயே கிடக்கிறதே! இரண்டும் சேர்ந்து 25,000. மேண்டேட் 24,000-ஐ எடுத்துக்கொண்டு போகும், எந்தத் தகராறும் இருக்காது. விஷயம் அக்டோபரில் வெளிப்படும். மீந்த 1,000-மும் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதத்தின் 14,000-மும் சேர்ந்து 15,000. பள்ளிக்கு வேண்டியது 18,000. ஆகஸ்டில் எல்லாம் சரியாகப் போன திருப்தியில் இருந்தவர் அக்டோபர் 9-ஆம் தேதி இரவு 3,000 ரூபாய்க்கு நண்பர்களுக்குப் போன் செய்துகொண்டிருப்பார். தங்கை வீட்டில் முதல் வருடம் மட்டும் 10,000 ரூபாயை ஆகஸ்டுக்கு முன்னால் தனியாகப் போட்டோம். இரண்டாவது வருடத்திலிருந்து செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை பன்னிரண்டு 2,000 சரியாகச் சேர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே, தொடவே கூடாத 3,000 ரூபாய் அந்தக் கணக்கில் எப்போதும் கிடக்கட்டும். டெபிட் கார்டின் வருடக் கட்டணம், எஸ்.எம்.எஸ் கட்டணம் என்று வங்கி அவ்வப்போது நூறு இருநூறு எடுக்கும். குறைந்தபட்ச இருப்பு கேட்கும் வங்கியென்றால் அந்தத் தொகையையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். 2,480 ரூபாய்ப் பிரீமியம் 2,300 இருக்கும் கணக்கில் பவுன்ஸ் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படி யாரும் கவனிக்காத ஒரு சின்னப் பிடித்தம்தான்.

ஒரு எச்சரிக்கை. "மாதத் தவணையில் கட்டலாம், வட்டி இல்லை" என்று பள்ளியே ஒரு திட்டம் சொன்னால் காகிதத்தை முழுக்கப் படியுங்கள். பல இடங்களில் ஒரு நிதி நிறுவனம் பள்ளிக்கு முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு உங்கள் பெயரில் கடன் எழுதிக்கொள்ளும். மாதாமாதம் மேண்டேட் வழியாகத் தவணை எடுக்கும். அது திரும்பினால் பள்ளியின் தாமத அபராதத்தோடு முடியாது, கடன் மதிப்பெண்ணில் விழும். கடனுக்கான மின்னணுப் பற்று இருப்பு இல்லாமல் திரும்பினால் 2007-ஆம் ஆண்டுக் கொடுப்பனவுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் வழக்குப் போடவும் இடம் இருக்கிறது. காசோலை திரும்புவதற்கு உள்ளது போன்ற பிரிவு அது.

தவறிப் போனால்

மேண்டேட் திரும்பியது என்று செய்தி வந்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள்: மறுபடி எடுக்க முயல்வீர்களா, எந்தத் தேதியில்? இதைக் கேட்காமல் பதற்றத்தில் கையால் கட்டிவிட்டால் இரண்டு நாள் கழித்து அவர்களும் எடுப்பார்கள். பணம் எடுக்கும் பட்டியலை அவர்கள் சில நாள் முன்னாலேயே அனுப்பிவிடுவதால் நீங்கள் கட்டியது அதில் தெரியாது. திரும்ப வரும், ஆனால் நாள் ஆகும். அதே காரணத்துக்காக, கெடுவுக்கு முந்தைய வாரத்தில் "எதுக்கும் கட்டிடலாம்" என்று கையால் கட்டும் பழக்கத்தையும் விடுங்கள்.

அவகாசம் எவ்வளவு என்பது தெரிந்தால் பதற்றம் குறையும். ஆயுள் காப்பீட்டில் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் சலுகைக்காலம் உண்டு. அந்த நாட்களில் பாதுகாப்பும் தொடரும். மருத்துவக் காப்பீட்டை வருடத்துக்கு ஒருமுறை கட்டுபவர்களுக்கு நிலைமை வேறு. 30 நாளுக்குள் புதுப்பித்தால், சில நோய்களுக்குப் பாதுகாப்பு தொடங்க நீங்கள் இதுவரை காத்திருந்த காலம் வீணாகாது. ஆனால் கெடுவுக்கும் கட்டிய நாளுக்கும் இடையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு உங்களுடையது. அதனால் மூன்றில் எதை முதலில் கையால் கட்டி மீட்க வேண்டும் என்று யாராவது கேட்டால், மருத்துவக் காப்பீடு என்றுதான் சொல்வேன். பள்ளியில் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் வரும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், இரண்டும் சமாளிக்கக்கூடியவை.

ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் தோற்றால் வங்கிக்கு வங்கி நடைமுறை மாறும். சில வங்கிகள் அடுத்த சில நாள் மறுபடி முயலும். சில அந்த மாதத்தை அப்படியே விட்டுவிடும். தொடர்ந்து தோற்றால் கட்டளையையே நீக்கும் வங்கியும் உண்டு. உங்கள் வங்கி எந்த ரகம் என்று போடும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டில் இரண்டே வரிகளைத் தேடினால் போதும்: வாடகை 14,000, இரண்டாவது கணக்குக்கு 9,500.

வீடு காலி செய்யும்போது நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று இரண்டு தரப்பும் பேசி முடிப்பார்கள். கட்டளையை நிறுத்த மறந்துபோகும், 4-ஆம் தேதி வழக்கம்போல் 14,000 போகும். அனுப்பியது உங்கள் கட்டளைப்படிதான் என்பதால் வங்கி அதைத் திருப்பி வாங்கித் தராது. வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் அட்வான்ஸ் கணக்கு நேர் செய்யும் நேரத்தில். காலி செய்வதாகச் சொல்லும் அன்றே, வீட்டு வாசலிலிருந்து திரும்பி வரும்போதே, செயலியைத் திறந்து அந்த வரியை ரத்து செய்துவிடுங்கள். சில வங்கிகளில் ரத்து நடைமுறைக்கு வர ஒன்றிரண்டு வேலை நாள் ஆகும். 3-ஆம் தேதி இரவு நினைவு வந்து பயனில்லை.